சாதா மெஷினில் அறுபது

"கேபிளைப் புடுங்காத, நான் இன்னும் பாக்கல—"

"நாலு தடவை காட்டியாச்சு, இன்னும் என்னத்த—"

"காட்டினா ஆச்சா? நீ எந்த மோட்ல போட்டேன்னு—"

"பெர்ஃபார்மன்ஸ் மோட்லதான்டா போட்டேன். கண்ணைத் தொறந்து பாரு."

தம்பி பார்த்தான். பார்த்துவிட்டு, பார்க்காதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். சின்ன வயதில் உடைந்த கண்ணாடி டம்ளர் பக்கத்தில் நின்றுகொண்டு இதே முகத்தைத்தான் வைத்திருப்பான்.

அக்காவும் தம்பியும் ஏழு வருஷமாக இந்த ஒரே அறையில் பிழைப்பு நடத்துகிறார்கள். ஜன்னலில் கறுப்புத் திரை, சுவரோரம் இரண்டு டிவி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு கேம் கன்சோல். முதலில் விற்பனைக்கு வந்தது சாதா மெஷின். பின்னால் அதே குடும்பத்தில் வந்த பலசாலி, பெரிய மெஷின். ஒரே ஆட்டம் இரண்டிலும் ஓடும். எதில் எப்படி ஓடுகிறது, எந்த மோடில் வைத்து ஆடலாம் என்று ஒப்பிட்டு வீடியோ போடுவதுதான் இவர்கள் வேலை. குவாலிட்டி மோடில் வைத்தால் படம் துல்லியமாக இருக்கும், ஆனால் திரையில் விநாடிக்கு முப்பது படம், அதாவது முப்பது ஃபிரேம்தான். பெர்ஃபார்மன்ஸ் மோடில் படம் கொஞ்சம் மங்கும், ஆனால் அறுபது ஃபிரேம். பொத்தானை அழுத்திய கையோடு திரையில் ஆள் நகர்வான். அளப்பது அக்கா. பேசுவது தம்பி. அவன் குரலுக்கு ஊரெல்லாம் ரசிகர்கள். அவள் எண்ணுக்கு அந்தக் குரல்தான் வாய்.

ஒன்பது நாளைக்கு முன் போட்ட வீடியோதான் இப்போது இருவருக்கும் நடுவில் கிடக்கிறது. மழை விடாத ஒரு நகரத்தில், கூரைக்குக் கூரை தாவிக் கடிதம் கொடுக்கும் தபால்காரியின் ஆட்டம் அது. மொத்தமே ஒன்பது பேர் சேர்ந்து நாலு வருஷம் உட்கார்ந்து செய்தது. பெரிய மெஷினில் இரண்டு மோடும் பிரமாதம் என்று தம்பி சொன்னான். சாதா மெஷினில் பெர்ஃபார்மன்ஸ் மோட் அறுபதைத் தொடவே இல்லை, சந்தைப் பக்கம் போனால் முப்பத்தெட்டுக்கு விழுகிறது என்றும் சொன்னான். சொன்னதோடு விட்டானா? "சாதா மெஷின் வெச்சிருக்கிறவங்க இந்த ஆட்டத்தைத் தொடாதீங்க, கைக்குத்தான் கேடு" என்று ஒரு வரியைச் சேர்த்தான். அந்த வரியை மட்டும் வெட்டியெடுத்து ஆளாளுக்குப் பரப்பினார்கள்.

நேற்று அந்த ஒன்பது பேரில் ஒருவரிடமிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆட்டத்தில் வெளிச்சமும் நிழலும் எழுதிய புரோகிராமர். கூட வேலை செய்கிறவர்கள் தன்னை நிழல்காரர் என்று கூப்பிடுவார்கள் என்று அவரே எழுதியிருந்தார். எங்கள் மெஷினில் அந்த விழுதல் வரவே இல்லை, எவ்வளவு தேடியும் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தார். நாளை மூன்று மணிக்கு, ஆட்டத்துக்குப் பணம் போடும் பதிப்பாளர்கள் கூட்டம் போடுகிறார்கள். உங்கள் வீடியோவைத்தான் திரையில் ஓட்டப்போகிறார்கள். ஆட்டம் ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் இருப்பது சாதா மெஷின்தான். அதில் ஓடாத ஆட்டத்தை எதற்குத் தாங்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தையே மூடிவிடுவார்கள். நான் எங்கே தவறினேன் என்றாவது தெரிந்தால் போதும், கைபேசி எண் கீழே இருக்கிறது என்று முடித்திருந்தார். குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் அக்காவை உறங்கவிடாமல் செய்தது.

காலையில் வந்ததும் சாதா மெஷினில் புதிதாக ஒரு பயனரை உருவாக்கி, கடையில் வாங்கி வந்து உறையைப் பிரித்த ஆளைப் போல ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். சந்தைக்குப் போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆனது. கன்சோலிலிருந்து வரும் படத்தைக் கம்ப்யூட்டர் பதிவு செய்துகொண்டே வந்தது. அடுத்தடுத்த இரண்டு படம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் நடுவில் ஒரு ஃபிரேம் விழுந்துவிட்டது என்று கணக்கு. விழவில்லை. சந்தைக்குள் நுழைந்தாள், கூட்டத்தில் ஓடினாள், கூரையிலிருந்து குதித்தாள். அறுபது. எங்கோ ஓரிடத்தில் ஐம்பத்தெட்டு. மறுபடி அறுபது. பிறகு வீடியோவுக்குப் பயன்படுத்திய பழைய சேமிப்பை, ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர வைக்கும் கோப்பைத் திறந்தாள். அதே மெஷின், அதே மோட், அதே சந்தை. முப்பத்தெட்டு.

அந்தச் சேமிப்பு பெரிய மெஷினில் ஆடிச் சேமித்தது. இரண்டு மெஷினிலும் அதே இடத்தை அளக்க வேண்டும் என்பதற்காக, ஒரு தடவை ஆடி, அந்தச் சேமிப்பை இணையம் வழியாகச் சாதா மெஷினில் இறக்குவது இவர்கள் வழக்கம். ஏழு வருஷ வழக்கம். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, இவர்களும் யாருக்கும் சொன்னதில்லை.

"தரையைப் பாரு," என்றாள் அக்கா. "தேங்கின தண்ணியைப் பாரு."

பழைய சேமிப்பின் படத்தில், சந்தைத் தரையில் தேங்கிய தண்ணீருக்குள் நடந்துபோகிறவர்களின் முகம் அசைந்தது. புதிய ஆட்டத்தில் அதே தண்ணீர் வெறும் ஈயப்பூச்சாகப் பளபளத்தது. தண்ணீரில் முகம் தெரியும் அமைப்பைப் பெரிய மெஷினுக்கு மட்டும் என்றுதான் கொடுத்திருந்தார்கள். சாதா மெஷினின் பட்டியலில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஆனால் பெரிய மெஷினில் அக்கா அதை ஆன் செய்து வைத்திருந்தாள். அவளுடைய சேமிப்பு அதைச் சுமந்துகொண்டு சாதா மெஷினுக்குள் போய்விட்டது. பட்டியலில் இல்லாததை அணைக்க முடியுமா? அறுபது ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமை வரையப் பதினாறு மில்லி விநாடிதான் கிடைக்கும். அதற்குள் கூட்டத்தையும் வரைந்து மழையையும் வரைந்து, ஒவ்வொரு குட்டையிலும் முகத்தையும் வரை என்றால் அந்தச் சின்ன மெஷின் எங்கே போகும்.

இதில் கொடுமை, வீடியோவில் தம்பி அந்தக் குட்டையை நிறுத்திக் காட்டியிருந்தான். சாதா மெஷினிலும் தண்ணீரில் முகம் தெரிகிறது, பாராட்டத்தான் வேண்டும் என்று வாயாரப் புகழ்ந்திருந்தான். குற்றத்தின் கைரேகையைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி சும்மா விடவில்லை. மெஷினுக்குப் பொருந்தாத அமைப்பு சேமிப்பில் வந்தால் அதைத் தள்ளிவிட வேண்டியது ஆட்டத்தை எழுதினவன் வேலை இல்லையா என்று கேட்டான். ஒரே வீட்டில் இரண்டு மெஷினும் வைத்திருக்கிறவனுக்கு இதே கதிதானே, அப்படியென்றால் நாம் காட்டியது பொய் இல்லையே என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அக்கா அதை மறுக்கவும் இல்லை. பொய் இல்லைதான், ஆனால் சாதா மெஷின் மட்டும் வைத்திருக்கிற யாருக்கும் இது வராது. தொடாதே என்று நாம் சொன்னது அவர்களிடம்தான் என்றாள்.

 அவன் வேறு பக்கமாக வந்தான்.

"புதுசா ஆடி அளந்தியே, எத்தனை ரன் எடுத்த?"

"ஒண்ணு."

"மூணு ரன் இல்லாம ஒரு நம்பரும் இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நானா?"

அவள்தான். சுவரில் அவள் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது. அன்றைக்கும் மூன்று தடவைதான் எடுத்தாள். மூன்று தடவையும் அதே சேமிப்பு. தவறான பாதையில் மூன்று முறை நடந்துவிட்டு வழி சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

இப்போதே அவருக்கு ஃபோன் செய்துவிடலாம், அளப்பதைப் பிறகு அளக்கலாம் என்றாள் அக்கா. ஒற்றை ரன்னை நம்பி ஒன்று சொல்லிவிட்டு, பிறகு அதுவும் தப்பென்று ஆனால் அந்த மனிதரைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி இரண்டாம் தடவை அறைந்த மாதிரி ஆகும் என்றான் தம்பி. மணி பன்னிரண்டேகால்தான் ஆகிறது, இன்று கூட்டம் மூன்றுக்கு. இன்னும் இரண்டு ரன் எடுத்தாலும் நேரம் கிடக்கிறது என்றான்.

அக்கா உட்கார்ந்தாள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்ததாகத்தான் தம்பியிடம் காட்டிக்கொண்டாள். உண்மையில், அந்த மனிதரின் குரலைக் கேட்பதை இன்னும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போட முடிகிறதே என்று அவளுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தும் இருந்தது.

இரண்டாவது ரன் அறுபது. மூன்றாவது ரன்னை, அவளே சொல்லி, தம்பி ஆடினான். ஆள் மாறினால் எண் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தைக்குள் நுழைந்ததும் அவன் வேண்டுமென்றே கூட்டம் அதிகமான பக்கமெல்லாம் போனான். எப்படியாவது ஒன்று விழட்டும் என்று முட்டிப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. கம்ப்யூட்டரில் ஃபிரேம் எண்ணிக்கையைக் காட்டும் கோடு அசையாமல் நின்றது. அவன் கன்ட்ரோலரைத் தொடைமேல் வைத்துவிட்டு, "அறுபதுதான்," என்றான். மணி ஒன்றே முக்கால்.

மன்னிப்பு வீடியோவுக்கு என்ன எழுதுவது என்று தம்பி தாளை எடுத்தான். முதலில் இது என்று அக்கா கைபேசியை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று, ஸ்பீக்கரில் போடச் சொன்னான்.

மணி இரண்டாவது தடவை ஒலித்ததுமே நிழல்காரர் எடுத்தார். பின்னால் நாற்காலிகள் இழுபடுகிற ஓசை, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற ஓசை. அக்கா தான் யாரென்று சொன்னாள். பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள்: சேமிப்பு, பெரிய மெஷின், குட்டையில் முகம், புதிய ஆட்டத்தில் மூன்று ரன், மூன்றிலும் அறுபது. தப்பு எங்களுடையது, இன்னும் அரை மணியில் வீடியோ வந்துவிடும், மூன்று மணிக் கூட்டத்தில் அதைக் காட்டுங்கள் என்றாள்.

அங்கே யாரோ இன்னொரு பெட்டிக்கு டேப் ஒட்டினார்கள்.

கூட்டத்தை ஒரு மணிக்கே வைத்துவிட்டார்கள், அவர்களுக்கு விமானத்துக்கு நேரமாகிறதாம் என்றார் நிழல்காரர். ஒன்றரைக்குள் முடிந்துவிட்டது. சோதனைக்குக் கொடுத்திருந்த மெஷின்களையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மன்னிப்பு வீடியோவை அவர்களுக்கு அனுப்பினால் என்று தம்பி குறுக்கே புகுந்தான். அனுப்புங்கள், ஆனால் அலுவலகத்தை மூடக் கையெழுத்தெல்லாம் போட்டாகிவிட்டது என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

"உங்க மெஷின்ல வரலையேன்னு கேட்டாங்க மேடம். நீங்க அளந்தா தப்பாகாது, எங்க மெஷின்லதான் ஏதோ கோளாறுன்னு நானே சொல்லிட்டேன். வெளிச்சம் எழுதினது நான், தப்பு என்னுதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் கூட வேலை செய்றவங்க யாரும் என்கூடப் பேசல."

 தம்பி அக்காவின் கையிலிருந்த கைபேசியை வாங்கப் பார்த்தான், அவள் விடவில்லை. மறுமுனையில் அவர் யாரையோ கூப்பிட்டார், ஒரு நிமிஷம் நில்லுங்கள், பெட்டியைக் கீழே வையுங்கள் என்று. டேப் ஓசை நின்றது. காலடிகள் கிட்டே வந்து நின்றன.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன் மேடம். எல்லாரும் கிளம்பறதுக்குள்ள, சாதா மெஷின்ல எவ்வளவு வந்துச்சுன்னு இன்னொரு தடவை சொல்றீங்களா?"