தட்டு வாசலைத் தாண்டக்கூடாது

மேடையேறினால் அவளைப் போலப் பேச ஆளில்லை; இறங்கினால் அவளோடு பேச ஆளில்லை. பள்ளியில் அவளுக்கு 'மைக்' என்று பட்டப்பெயர். வேலை முடிந்ததும் மைக்கை யார் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார்கள்?

அம்மா விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் மத்தியானச் சாப்பாடு கேண்டீனில்தான். மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கிக்கொண்டு பின்பக்க மாடிப்படிக்கு நழுவிவிடுவாள். நாலு பேர் கூடிச் சிரிக்கிற இடத்தில் தனியாக உட்கார்ந்தால் சோறு தொண்டையில் இறங்குமா, சொல்லுங்கள்!

அவளைப் பிடித்துத்தான் அறிவியல் டீச்சர் காலைக் கூட்டத்தில் கேண்டீன் பிளாஸ்டிக் பற்றிப் பேசச் சொன்னார். அவள் எழுதியதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"முக்கியமானதை விட்டுட்டியேம்மா. போன தடவை டப்பாவுக்குப் பதிலா ஸ்டீல் தட்டு வச்சது ஏன் தோத்துச்சு? ஆளாளுக்கு வெளியே தூக்கிட்டுப் போனாங்க, பாதி திரும்பி வரல. கழுவிப் போடத் தட்டில்லாம கேண்டீன்காரர் மறுபடி டப்பாவுக்கே போயிட்டார். தட்டு வாசலைத் தாண்டக்கூடாதுன்னு அழுத்திச் சொல்லு."

"வீட்டுலேருந்து டப்பா கொண்டுவந்தா, டீச்சர்?"

"ஒவ்வொரு டப்பா ஒவ்வொரு சைஸ். அளந்து போடுறதுக்குள்ள வரிசை நகராதுன்னு அவர் ஒத்துக்கல."

மறந்துபோய் விட்டதல்ல அது, வேண்டுமென்றே விட்டது. தட்டு வாசலைத் தாண்டாவிட்டால் அவள் படிக்கு எப்படிப் போவாள்?

மறுநாள் மேடையில் வழக்கம்போல வெளுத்து வாங்கினாள். "எண்ணெய் ஒட்டின டப்பாவைப் பழைய சாமான்காரர்கூடத் தொடமாட்டார். நாம சாப்பிட கால்மணி நேரம். அது மண்ணுல கிடக்கப்போறது நம்ம பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும்!" கைதட்டல் காதைப் பிளந்தது. அப்படியே இறங்கிவிடலாம். இந்தத் தடவையும் தட்டுகள் காணாமல் போகும், டப்பா திரும்பி வரும், படியும் அவளுக்கே திரும்பி வரும். ஆனால் படியடிக் குப்பைத்தொட்டி நினைவுக்கு வந்தது. அதை நாள்தோறும் நிரப்புகிறவள் அவள்தானே! பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. தட்டு வாசலைத் தாண்டக்கூடாது. சாப்பிட்டதும் மிச்சத்தை வாளியில தட்டிட்டு, தட்டைக் கழுவுற ஜன்னல்லயே வைக்கணும்."

அடுத்த வாரம் ஸ்டீல் தட்டு வந்தது; சூடான தட்டோடு கேண்டீன் கூடத்தின் நடுவில் நின்றாள். வாயாரப் பாராட்டியவர்களில் ஒருத்தியாவது நகர்ந்து இடம் விட வேண்டுமே! ஊஹூம். கழுவுற ஜன்னலோரம், தண்ணீர் தெறிக்கிற பெஞ்சு மட்டும் காலியாக இருந்தது. அங்கே போய்த் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேல்வகுப்பு அக்கா ஒருத்தியும் தட்டோடு சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீதானே பேசினது?"

"ஆமாக்கா."

"நல்லா இருப்பே! லேப்புக்குப் பின்னாடி நிம்மதியா சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். உனக்கென்ன, மேடையில பேசுறவ, கூட உட்கார ஆளிருக்கும்."

அவளுக்கு அழுகை முட்டியது. "நான் பின்மாடிப் படியிலக்கா" என்றாள்.

அந்த அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

தட்டு காலியானால் ஜன்னலில் வைத்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். எதிரே இருந்தவளும் அவசரப்படவில்லை.