மங்கலான படம்

அன்று வீட்டில் நிரஞ்சன் கடைசியாகச் செய்தது, கொதிக்கிற பருப்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்த்ததுதான். போதும் என்று தலையாட்டிவிட்டு மனைவி சுகிர்தாவோடு மாடிக்கு ஏறினான்.

மஹய்யாவவில் அந்த வீட்டின் மேல்மாடி அவன் அண்ணன் ரமேஸுக்கு, கீழ்ப்பகுதி இவர்களுக்கு. இணைய லைன் ஒன்றே, அதுவும் மேலே. அதை நம்பித்தான் சுகிர்தா பிள்ளைகளுக்கு ஒன்லைனில் கணிதம் சொல்லிக்கொடுத்தாள். ரமேஸ் பெரிய டீவி வாங்கி, படம் பார்க்கும் செயலியில் உயர்ந்த பிளானும் எடுத்திருந்தான். ஆனால் முகங்களெல்லாம் பனிக்குள் நிற்பதுபோல் தெரிந்தன. கீழே லைனை உறிஞ்சுகிறார்கள் என்று இரண்டு வாரமாகக் கத்தினான். போன கிழமை கீழ்வீட்டுக் கதவை உதைத்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தான். இன்று வயரையே அறுப்பேன் என்றிருந்தான்.

மேலே கூடத்தில் அடுத்த வீட்டு ஷாமிலும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நிரஞ்சன் சுகிர்தாவின் போனில் வீடியோ வகுப்பை ஓடவிட்டு, டீவியிலேயே வேகத்தை அளந்தான். வகுப்பு ஓடும்போதே முப்பத்தெட்டு எம்பிபிஎஸ். இருபத்தைந்து இருந்தாலே படத்துக்குத் தாராளம் என்றான். பிறகு டீவியில் மின்சாரம் மிச்சப்படுத்தும் மோடை மாற்றி சினிமா மோடில் வைத்தான். இருட்டு நீங்கியது, மங்கல் போகவில்லை.

அண்ணனின் போனை வாங்கி அந்தச் செயலியில் கணக்கைத் திறந்தான். ரமேஸின் பெயருக்கு நேரே தரம் 'குறைவு' என்றிருந்தது. டேட்டா கார்ட் போட்டுப் படம் பார்த்த காலத்தில், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று அவனே வைத்தது. பிளானை மாற்றியவன் இதை மாற்றவில்லை.

நிரஞ்சன் அதை 'உயர்' ஆக்கிச் செயலியை மூடித் திறந்தான். நடிகையின் மூக்குத்திக் கல் மின்னியது.

"உறிஞ்சினது நாங்க இல்லண்ணே. நீங்களே தரத்தக் கட்டி வச்சிருக்கீங்க."

ஷாமில் சிரித்துவிட்டான். "ரெண்டு கிழமையா தம்பிய ஏசினியே மச்சான்."

ரமேஸ் சிரிக்கவில்லை. டீவியைச் சுவரில் மாட்டுவதற்கென்று அதோடு கொடுத்து, மாட்டாமலே மூலையில் கிடந்த இரும்புச் சட்டத்தை எடுத்தான். முதல் அடி நிரஞ்சனின் தோளில். இரண்டாவதைத் தடுக்கப் போன சுகிர்தாவின் மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்கள் எழுந்து ஓடி வருவதற்குள் மூன்றாவது தலையில் விழுந்தது. நிரஞ்சன் வாசல்வரை தள்ளாடிப்போய்ப் படிகளில் உருண்டான். அவள் கீழே ஓடியபோது அவன் காதிலிருந்து இரத்தம் படியோரத் தண்ணீர்க் கானில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு நின்றது.

ரமேஸ் இப்போது சிறையில். அவன் மனைவி டீவியை எடுத்துக்கொண்டு புசல்லாவைக்குப் போய்விட்டாள். லைனை சுகிர்தா தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். மணிக்கட்டு கோணலாகப் பொருந்திவிட்டது. பின்னேரங்களில் வகுப்புத் தொடங்கப் போனைத் திறந்தால், வைஃபை பட்டியலில் முதலாவதாக வருவது 'ரமேஸ் வீடு'.