கம்பளிக்கு எங்களது சரிப்படாது

காலையில் பல் துலக்கி முடிப்பதற்குள் சின்னவளின் போனில் அந்தக் கேள்வி மறுபடியும் வந்து விழுந்தது. "உங்க துணி ஸ்டாண்டுக்கும் அந்த மஞ்சள் கால் ஸ்டாண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?" அந்த மாதத்தில் இதே கேள்வி நாற்பத்தொன்றாவது தடவை. கேட்டவர்கள் பாவம், நியாயமாகத்தான் கேட்டார்கள். ஆனால் மஞ்சள் கால் ஸ்டாண்டைச் செய்கிறவள் அவளுடைய சொந்த அக்கா என்று யாருக்குத் தெரியும்?

எட்டு மாதத்துக்கு முன்புவரை அக்காளும் தங்கையுமாக ஒரே பட்டறையில்தான் துணி உலர்த்தும் ஸ்டாண்டு செய்தார்கள். தரையில் நின்று இரண்டு பக்கமும் இறக்கை விரிக்கும் ஸ்டாண்டு அது. சுவரில் மாட்டி, வேண்டாத நேரத்தில் மடக்கி வைக்கிற மாதிரி ஒன்று செய்யலாம் என்று சின்னவள் அளவோடு ஒரு படம் வரைந்து காட்டினாள். "ஆணி அடிக்க எந்த வீட்டுக்காரன் விடுவான்?" என்றாள் பெரியவள். "துணி காயப்போட எந்த வீட்டுல தரை இருக்கு?" என்றாள் சின்னவள். சுவரா தரையா என்று ஆரம்பித்த பேச்சு, சின்ன வயசில் யார் யாருடைய பென்சிலை ஒடித்தது என்பது வரைக்கும் போய், கதவைச் சாத்திக்கொண்டு முடிந்தது. அன்றிலிருந்து பேச்சில்லை. பிறந்தநாளுக்கு ஒரு மெசேஜ்கூட இல்லை. இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்த வீம்புக்காரிகள், வேறென்ன?

இப்போது சின்னவளின் முன்னறையில் முப்பது சுவர் ஸ்டாண்டுகள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. வீட்டுக்குள் நடப்பதென்றால் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்கவேண்டும். நாற்பத்தொரு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாக ஒரு போஸ்ட் போட்டுவிட்டால் பெட்டிகள் நகரும். ஆனால் அதை அக்கா படிப்பாள். ஒரு எழுத்து விடாமல் படிப்பாள். அதில் ஒரு குத்தல் இருந்தாலும் இந்த ஜென்மத்துக்குப் பேசமாட்டாள். சின்னவளுக்குப் பெட்டிகளும் போகவேண்டும், அக்காவும் வேண்டும்.

"நான் எழுதறேன், நீ தள்ளு" என்று லேப்டாப்பை இழுத்துக்கொண்டார் அவளுடைய வீட்டுக்காரர். பகலெல்லாம் காப்பீட்டு ஆபீசில் படிவம் சரிபார்க்கிற மனுஷன். விளம்பரம் என்று வந்துவிட்டால் மட்டும் சாமி வந்தமாதிரி ஆகிவிடுவார். பத்தே நிமிஷத்தில் எழுதி முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"சில ஸ்டாண்டுகள் துணி காயப்போட்டால் நடனமாடும். காற்றடித்தால் கும்மியடிக்கும். பெயர் சொல்லமாட்டோம், கால் மட்டும் மஞ்சள்."

சின்னவள் சிரித்துச் சிரித்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயிறு வலிக்க இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "அழி" என்றாள்.

"பேரே போடலையே."

"பேர் போடாம மஞ்சள் கால்னு போட்டா, கண்ணை மூடிக்கிட்டு அடிச்ச மாதிரி. அடி அடிதானே?"

"கால் வரியைத் தூக்கிடறேன். ஆடுற வரி இருக்கட்டும். அது நிஜமா ஆடுது. மேல்வீட்டம்மா வீட்டுல நானே பாத்தேன்."

அந்த 'நிஜமா' என்ற வார்த்தையில் சின்னவள் நின்றாள். நிஜம் என்றால் சோதித்துப் பார்த்துவிடலாமே. மேல்வீட்டம்மா மூன்று வருஷத்துக்கு முன்பு பழைய பட்டறையில் வாங்கிய மஞ்சள் கால் ஸ்டாண்டைச் சின்னவள் இரவல் கேட்டாள். அந்த அம்மா ஸ்டாண்டோடு கூட தன் வீட்டு அழுக்குத் துணி மொத்தத்தையும் இரண்டு பக்கெட்டில் கொடுத்து அனுப்பினாள். சோதனை என்றால் சும்மாவா, துவைக்கவும் செய்யுங்கள் என்று அர்த்தம்.

அந்தச் சனிக்கிழமைப் பகல் முழுக்க வீடு சலவைக்கூடமாகிவிட்டது. சின்னவள் பெட்டி நிறுக்கிற தொங்கு தராசில் ஈரத்துணியை மாட்டி எடை சொல்ல, வீட்டுக்காரர் நோட்டில் எழுதினார். அதே துணி, அதே எடை, முதலில் சுவர் ஸ்டாண்டில், பிறகு தரை ஸ்டாண்டில். பத்து கிலோ வரை இரண்டும் வளையாமல் தாங்கின. இறக்கையை விரித்ததும் தரை ஸ்டாண்டு ஆறடி நீளத்தைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் அதற்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, முகத்தில் யாருடைய ஈரப் பைஜாமாவோ ஒட்டிக்கொள்ள, "இதையும் எழுதிக்கோ, இதையும் எழுதிக்கோ" என்று கத்தினார். அவரை இழுத்து வெளியே எடுப்பதற்குள் இரண்டு பேரும் சிரித்தே தரையில் வழுக்கி விழுந்தார்கள்.

ஆனால் தரை ஸ்டாண்டு ஆடத்தான் செய்தது. சின்னவள் குனிந்து பார்த்தாள். நான்கு கால்களில் ஒன்றில் ரப்பர் மூடியே இல்லை. எப்போதோ விழுந்து தொலைந்திருக்கிறது. தன் பட்டறைப் பையில் துழாவி அதே அளவில் ஒரு மூடியை எடுத்து மாட்டினாள். ஆட்டம் நின்றுவிட்டது. அசையாமல் நின்றது, அக்காவின் பிடிவாதம் மாதிரி.

"மூணு வருஷம் உழைச்ச, மூடி போன ஸ்டாண்டையும் நேத்து செஞ்ச புதுசையும் பக்கத்துல வெச்சு அது ஆடுதுன்னு எழுதினா, அதுக்குப் பேர் என்னங்க?"

வீட்டுக்காரர் தன் நடன வரியைத் துக்கத்தோடு அடித்தார். நல்ல வரிதான். என்ன செய்வது, உண்மை இல்லை.

கடைசியில் மேல்வீட்டம்மாவின் இரட்டைக் கம்பளி வந்தது. ஈரத்தில் பதினாறு கிலோ. தரை ஸ்டாண்டில் போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. சுவர் ஸ்டாண்டில் போட்டார்கள். நடுக்கம்பி மெதுவாக வளைந்தது, வளைந்தது, வளைந்துகொண்டே போனது. இரண்டு பேரும் பாய்ந்து கம்பளியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதை யாரும் பாக்கலை" என்றார் வீட்டுக்காரர்.

"நான் பாத்தேன்ல."

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கப் போறியா?"

"வாங்கிட்டுப் போறவங்க கம்பளியைப் போட்டு வளைச்சிட்டு வந்து கேட்டா, அப்ப யார் வெச்ச சூனியம்?"

போஸ்ட்டுக்கென்று எடுத்த போட்டோவில் மஞ்சள் கால் பளிச்சென்று தெரிந்தது. அதை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே இரண்டு கோட்டுப் படங்கள் வரைந்தாள், எந்தக் கம்பெனியுடையது என்று சொல்ல முடியாதபடி. பிறகு எழுதினாள்.

"சுவரில் மாட்டுவதா, தரையில் நிற்பதா? உங்கள் வீட்டுக்கு எது? ஒரு நாள் முழுக்க, ஒரே ஈரத்துணியை இரண்டு வகையிலும் எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தோம். வகைக்கு ஒரு ஸ்டாண்டுதான் பார்த்தோம். பத்து கிலோ வரை இரண்டும் நன்றாகத் தாங்கின. இடம் குறைவு என்றால் சுவர் ஸ்டாண்டு வசதி. மடக்கினால் நான்கு விரற்கடைதான் நீட்டிக்கொண்டிருக்கும். வாடகை வீடு, ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால் தரை ஸ்டாண்டுதான் சரி. கனமான கம்பளி காயப்போடுவீர்களா? கம்பளிக்கு எங்களது சரிப்படாது, தரையில் நிற்பதையே வாங்குங்கள். நாங்கள் செய்வது சுவர் வகை. ஊருக்குள் என்றால் நாங்களே வந்து மாட்டித் தருகிறோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டாள். பத்து நிமிஷத்தில் முதல் கமெண்ட்: "மஞ்சள் கால் ஸ்டாண்டைத்தானே சொல்றீங்க? அது வேஸ்ட்டுங்க."

ஆமாம் என்று ஒரு சிரிப்புப் பொம்மை போட்டால் போதும். விரல் துடித்தது, பொய் சொல்வானேன். "எந்தக் கம்பெனியையும் சொல்லலைங்க, வகையைத்தான் சொல்றோம். கால் ஆடினா ரப்பர் மூடியைப் பாருங்க, மாத்தினா சரியாயிடும்" என்று பதில் எழுதினாள்.

இன்னொருவர் வாடகை வீடு என்றார். உங்களுக்கு எங்களது ஒத்துவராது என்று எழுதினாள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "விக்கிறதுக்கு உக்காந்திருக்கியா, விரட்டறதுக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்ட கை கீழே இறங்குவதற்குள் முதல் ஆர்டர் வந்தது. "குறையையும் சொல்றீங்க, அதான் நம்பி வாங்கறேன்" என்று ஒரு குறிப்போடு. பிறகு இரண்டு. பிறகு ஐந்து. ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்காரர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் சுற்றிவந்தார். மதியத்துக்குள் பதினொன்று. வீட்டில் நேராக நடக்க ஒரு பாதை பிறந்துவிட்டது. அதில் வேலையே இல்லாமல் இரண்டு பேரும் மாறி மாறி நடந்து பார்த்தார்கள்.

ஆனாலும் சின்னவள் ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் லைக் போட்டவர்கள் பட்டியலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அக்காவின் பெயர் அதில் இல்லை. வலித்தது. ஊரே நல்ல வார்த்தை சொன்னாலும் சொல்லவேண்டியவள் சொல்லாவிட்டால் என்ன இருக்கிறது?

மூன்று மணிக்குப் பன்னிரண்டாவது ஆர்டர் வந்தது. படிவத்தைத் திறந்தாள்.

பெயர்: அக்கா.

முகவரி: உனக்குத் தெரியும்.

குறிப்பு: குளியலறைப் பக்கம் ரெண்டடி சுவர்தான் இருக்கு, என்னோடது அங்க விரியாது. கம்பளியை நான் என்னோடதுலயே காயவெச்சுக்கறேன். அந்தப் படத்துல என் இறக்கையைக் குட்டையா வரைஞ்சிருக்க.

சின்னவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது, அழுகை மறுபடி சிரிப்பானது. எது எது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. முதலில் படத்தைத் திறந்து இறக்கையை நீட்டி வரைந்து மாற்றிப் போட்டாள். பிறகு ஒரு கையில் பெட்டியையும் இன்னொரு கையில் துளை போடும் மெஷினையும் எடுத்துக்கொண்டு, காலுக்கொரு செருப்பாக மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"நாளைக்கு வண்டிக்காரர் வர்றப்ப சேர்த்துக் குடுத்து அனுப்பலாமே" என்றார் வீட்டுக்காரர்.

"ஊருக்குள்ளன்னா நாங்களே வந்து மாட்டித் தர்றோம்னு எழுதியிருக்கோம்ல? எழுதினபடி நடக்கணுங்க."

அக்கா கதவைத் திறந்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டு நேராகக் குளியலறைப் பக்கம் நடந்தாள். அங்கே சுவரில், ரசமட்டம் வைத்துப் பார்த்து, பென்சிலால் நான்கு புள்ளிகள் அழகாகக் குறித்திருந்தாள். சுவர் ஸ்டாண்டின் நான்கு துளைகளுக்கு அவை மயிரிழை பிசகாமல் பொருந்தின.

"அளவு எப்படிக்கா தெரியும்?"

"நீ முதமுதல்ல வரைஞ்ச படம் என்கிட்டதானே இருக்கு" என்றாள் அக்கா. "அடி ஆணியை."