புகாரையும் தின்ற பெட்டி

வலைப்பக்கம் உருவாக்கக் கற்றுத்தரும் பாடங்களை எழுதுவது என் வேலை. இன்று காலை ஒரு பாடத்தை எங்கள் தளத்தில் ஒட்டினேன். வெளியான பக்கத்தில் இப்படி இருந்தது: "தலைப்பை    குறிக்குள்ளும் பத்தியை    குறிக்குள்ளும் எழுதவும்." கூர் அடைப்புகளுக்குள் நான் போட்டிருந்த h1, p என்ற குறிகள் இரண்டையும் அடைப்போடு சேர்த்துக் காணோம். மாதிரி நிரல் இருந்த இடத்தில் 'வணக்கம்' என்ற ஒரு சொல் மட்டும் அநாதையாக நின்றது.

உதாரணத்துக்குக் காட்டியதை நிஜமான குறி என்று நினைத்துத் தளம் வழித்தெறிந்திருக்கிறது. அடைப்புகளை வெறும் எழுத்தாக மாற்றிச் சேமிக்க வைத்தால் போதும். அதைச் செய்ய வேண்டிய தளப் பொறியாளர் அடுத்த அறையில்தான் இருக்கிறார். ஆனாலும் முறைப்படி இணையத்தில் உள்ள அலுவலகப் புகார்ப் பெட்டியில் எழுதினேன். அவரிடமிருந்து பதில் வந்தது: "எது மறையுதுன்னே சொல்லலையே மேடம். முழுசா எழுதுங்க."

என் புகாரைத் திறந்து பார்த்தேன். "பாடத்தில்    ,    இரண்டும் மறைகின்றன" என்று இருந்தது. சீ, இதையுமா!

எழுந்து போய், ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"ஓ, இதுவா? இதுக்கா இவ்ளோ கோவம்? சின்ன வேலை மேடம், முடிச்சுட்டுச் சொல்றேன்."

மாலையில் சொன்னார். அதே பெட்டி வழியாக, அலுவலகம் முழுவதற்கும்:

"பாடங்களில் இனி    ,    மறையாது. நானே சோதித்துப் பார்த்துவிட்டேன்."