அகலமாகிக்கொண்டே போன கட்டில்

கல்யாணமாகிப் பத்தொன்பதாம் வருடம் நில அளவையர் வீட்டுக் கட்டில் நாற்பத்தோரு அடி அகலமாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அறை பழைய அளவுதான். உள்ளே அவரே நாடா பிடித்து அளந்தது என்பதால் கணக்கில் பிசகில்லை. வீட்டில் சண்டை எதுவும் இல்லை. பேசுவதற்கும் எதுவும் இல்லை. அவருடைய மனைவி பேருந்து நடத்துநர்; நாள் முழுக்க நெரிசலில் கத்துகிறவள். மறுகரையிலிருந்து அவள் கூப்பிட்டால் குரல் பாதி வழியிலேயே மெத்தையில் விழுந்துவிடும்.

தச்சர் வந்து அறுத்துப் பார்த்தார். மறுநாள் காலையில் பார்த்தால், அறுத்த இடம் வளர்ந்திருந்தது. கணவனும் மனைவியும் மாதந்தோறும் போகும் அதே ஹோட்டலுக்குப் போய், அதே மேஜையில் உட்கார்ந்து, அதையே சாப்பிட்டு வந்தார்கள். இரண்டு அடி கூடியது. ஒரு ஞாயிறு மதியம் அவள் சொல்லிவிட்டாள்.

"வேற ஊருக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். இங்க இருந்தாலும் தூரம்தான். அங்க போனா தூரத்துக்கு ஒரு பஸ்ஸாவது இருக்கும்."

அவர் என்ன கேட்பதென்று தெரியாமல், உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கேட்டார். "வண்டி குலுங்குறப்போ எதப் பிடிச்சுக்கிட்டு நிப்ப?"

"எதையும் பிடிக்க மாட்டேன். இடுப்ப மூணாவது சீட்டுல சாச்சுக்குவேன்." என்றாள். "பாலத்து வளைவுல மட்டும் கண்ண மூடிக்குவேன்."

"ஏன்?"

அவள் ஒரு மணி நேரம் பேசினாள். மறுநாள் கட்டில் மூன்று அடி குறைந்திருந்தது.

உயிரே அதில்தான் இருப்பதுபோல், தெரியாததைக் கேட்பதை இருவரும் பற்றிக்கொண்டார்கள். அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் பலிக்கவில்லை. 'சாப்பிட்டியா' கணக்கில் சேரவில்லை. இருவருக்குமே நீச்சல் தெரியாது; நகராட்சிக் குளத்தில் சேர்ந்து, தண்ணீர் குடித்து, ஒருவர் தோளை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பயந்தார்கள். பன்னிரண்டு அடி போயிற்று. நன்றாக நீந்தப் பழகியதும் கட்டில் மறுபடி அகன்றது. பிறகு படகு ஒன்று கட்டினார்கள். வரைபடம் முழுதும் அவர் போட்டு, அவளைப் பலகை பிடிக்கச் சொன்ன வாரம் ஏழு அடி ஏறியது.

"நான் என்ன உங்க நாடா பிடிக்கிற ஆளா?" என்றாள். அவர் தாளைக் கிழித்துப் பென்சிலை அவளிடம் கொடுத்தார். அவள் ஒரு கோடு, அவர் ஒரு கோடு. படகு இடப்பக்கம் சாய்ந்தே மிதந்தது. முதல் நாளே இருவரும் நனைந்து, வெகுநாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மாற்றல் உத்தரவு வந்தது. அவள் போகவில்லை, போகமாட்டேன் என்று வாக்கும் கொடுக்கவில்லை. அந்தப் பயத்திலேயே அவர் இன்றைக்கும் அவளைப் புதிதாகப் பார்க்கிறார். அவளும் அவரிடம் தெரியாததைக் கேட்கிறாள். சலித்துப்போகும் வாரங்கள் உண்டு. அப்போது ஓர் அடி கூடும்.

இப்போது கட்டில் ஒன்பது அடி. என்ன செய்தும் அதற்குக் கீழே இறங்கவில்லை. மெத்தை விரிப்பு வாங்கப் போனால் கடைக்காரர் ஆச்சரியப்படுவதில்லை. ஒன்பது அடியா, இருபது அடியா என்று மட்டும் கேட்டுவிட்டு, அலமாரியில் தேடுகிறார்.