ஒரே விலை, வேறு தேயிலை

இந்த மாதம் இரண்டு ஓடர்களை ரத்துச் செய்தாயிற்று. மூன்றாவதும் ரத்தானால் கேசினியின் கணக்கை மூடிவிடுவார்கள்.

கேசினி என் மனைவி. போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாள். கொழும்பு நிறுவனமொன்று நடத்தும் இணையச் சந்தையில் எங்கள் கடைத் தேயிலையை முதலில் பதிவு செய்தவள் அவள்தான். தன் பெயரில், தன் அடையாள அட்டை எண்ணில். தேயிலையைப் பற்றிய வரிகளும் அவள் எழுதியவை. மூடினால் திரும்பத் திறக்க அவளே கையெழுத்திட வேண்டும்.

கடை பதுளை பஸாரில். முதலாளி ஜௌபர் ஹாஜியார். காசு மேசையில் ஸரூக். மேல்மாடியில் கணினியோடு நான். மூன்று இடங்களில் விற்கிறோம்: கடை, எங்கள் இணையத்தளம், அந்தச் சந்தை. இருப்புக் கணக்குக்கு அடிப்படை, காசு மேசையில் பில் அடிக்கும் மென்பொருள். இணையத்தில் வரும் ஓடரையும் நான் அதில் பில்லாக அடிப்பேன், இருப்புக் குறையும். மாலையில் அந்த இருப்பை எடுத்து இணையத்தளத்தில் ஏற்றுவேன். சந்தையில் கையால் மாற்றுவேன். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பொதி குறைத்தே காட்டுவேன்.

அப்படியிருந்தும் இரண்டு முறை, விற்ற சில்வர் டிப்ஸ் என்ற உயர்ரகத் தேயிலை கடைத் தட்டில் இல்லை.

"தம்பிக்கு மனசு சரியில்ல. மறந்துட்டுப் போறாரு," என்று ஹாஜியார் எல்லோரிடமும் சொல்லிவைத்தார். என் காதுபடவே.

நான் மறக்கவில்லை.

இன்று காலை சந்தையில் ஐந்து சில்வர் டிப்ஸுக்கு ஓடர் வந்தது. மென்பொருளில் பதினான்கு இருந்தது. பில் அடித்தேன். ஒன்பதாயிற்று. பொதிகளை எடுக்கக் கீழே இறங்கினேன். தட்டு காலி.

கடைசி ஐந்து பொதிகளும் காசு மேசையில் இருந்தன. எல்ல ஊரில் விடுதி வைத்திருப்பவர் ஒருவர் பணப்பையைத் திறந்தபடி நின்றார். ஸரூக் பொதிகளைத் தொடவில்லை. மேசையோரத்திலிருந்த நானூறு கிராம் பி.ஓ.பி. என்ற சாதாரணத் தேயிலைப் பக்கெட் ஒன்றை எடுத்து பார்கோட் வாசிப்பானில் காட்டினான். பீப். திரும்பவும் காட்டினான். பீப்.

"ஸரூக், என்ன பண்றீங்க?"

"சில்வர் டிப்ஸ் பக்கெட் மினுங்குது சுபாஸ். மெஷின் வாசிக்குதில்ல. நம்பர் அடிக்கப் போனா கியூ நிக்கும். இதுவும் நானூத்தம்பது, அதுவும் நானூத்தம்பது."

"எவ்வளவு நாளா?"

"அந்தப் பக்கெட் வந்த நாள்ல இருந்து. ஹாஜியார்தான் சொன்ன."

திரும்பிப் பார்த்தேன். ஹாஜியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பின்னேரம் சல்லி சரியாத்தானே இரிக்கி?" என்றார்.

"காசு சரி. இருப்புப் பொய். சில்வர் டிப்ஸ் வித்தா பி.ஓ.பி.தான குறையுது? அது வாரா வாரம் சாக்குல வருது, யாரு எண்ணிப் பாக்குறா? இது தட்டுல முடிஞ்சாலும் கணக்குல கெடக்கு. நான் அதத்தான் வெப்சைட்ல போடுறேன். தெரிஞ்சுக்கிட்டே என்னையப் பைத்தியம்னு சொன்னீங்களா?"

"மெதுவாப் பேசுங்க. ஆக்கள் நிக்கிற."

விடுதிக்காரர் பொதிகளை நோக்கிக் கை நீட்டினார். நான் முந்திக்கொண்டேன்.

"மன்னிச்சுக்கங்க. இது காலையிலேயே வித்தாச்சு."

"நான்தானே எடுத்துட்டு வந்து மேசையில வெச்சேன்!"

"தம்பி, குடுங்க அத!" ஹாஜியார் எழுந்துவிட்டார். "சல்லியோட நிக்கிற மனிசனுக்கு இல்லண்டு சொல்ல ஏலுமா? கம்பியூட்டர்ல இரிக்கிறவன நான் எங்க கண்ட? ரத்துச் செய்ங்க."

"மூணாவது ரத்து. கணக்கு போயிரும்."

"போனாப் போகட்டும். வேற ஒண்டு திறப்பம்."

"அது கேசினியோட கணக்கு."

 அவர் விடுதிக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "பாவம், பொஞ்சாதி மௌத்தான பொறகு இப்படித்தான்."

  ஸரூக் அடித்த பில்லை அவனையே ரத்துச் செய்யச் சொன்னேன். செய்தான்.

"அந்தச் சாமானோட வெளிய போனா நாளைக்கு வர வேணாம்," என்றார் ஹாஜியார்.

"பில் அடிச்சிருக்கு. உங்க காசு கொழும்புல இருந்து வரும்."

பொதிகளைப் பெட்டியில் இட்டு ஒட்டி, கூரியர் கடையில் கொடுத்து, அனுப்பியதற்கான எண்ணைப் பெற்றுக்கொண்டேன். பிறகு பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள இன்டர்நெட் கடையில் உட்கார்ந்தேன். அந்த எண்ணைச் சந்தையில் பதிந்தேன். ஓடர் 'அனுப்பப்பட்டது' என்றானது. எங்கள் இணையத்தளத்தில் சில்வர் டிப்ஸைப் பூச்சியமாக்கினேன். அந்தக் கடைக்கு நான் செய்த கடைசி வேலை அது.

சந்தையில் கேசினியின் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு தேயிலையாக எண்ணிக்கையை மாற்றினேன். பூச்சியம். பூச்சியம். பூச்சியம். இல்லாததை இனி யாரும் அவள் பெயரில் விற்க முடியாது. கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

'தற்போது இருப்பில் இல்லை' என்று வந்தது. அதன் கீழே அவள் எழுதிய வரிகள் அப்படியே இருந்தன.