மாமா அனுப்பாத இரண்டாவது படம்

அப்பாவுக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கத் தெரியாது என்பதை நான் ஒரு நாளும் நம்பவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். கரண்ட் பில் முதல் காய்கறிக் கடை வரை போனிலேயே பணம் அனுப்புகிறவர். எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் முதல் பூப்படம் அவருடையதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் நாகஜோதி கேட்ட ஒரே ஒரு படத்தை அனுப்பத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தால் எரிச்சல் வருமா வராதா?

நாகஜோதி என் அத்தை மகள். மெல்போர்னில் இருக்கிறாள். அவளுடைய அம்மா, என் அன்னக்கொடி அத்தை, புருஷன் இறந்த பிறகு கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அப்படியே எங்களோடு ஒத்தக்கடையில் தங்கிவிட்டாள். என் அம்மா போன பிறகு என்னை வளர்த்ததும் அத்தைதான். இப்போது நாகஜோதி போட்டிருந்த நிரந்தர விசா அத்தைக்குக் கிடைத்துவிட்டது. இனி அத்தை மகளோடுதான் இருக்கப் போகிறாள்.

டிக்கெட் போட்டது அப்பா. சிம்மக்கல்லில் தெரிந்த டிராவல்ஸ் ஒன்றில் சொல்லி, மதுரையிலிருந்து கொழும்பு, அங்கே விமானம் மாறி மெல்போர்ன் என்று போட்டுவிட்டார். அந்த டிராவல்ஸ்காரரே விமானக் கம்பெனியின் ஆப்பையும் அப்பாவின் போனில் ஏற்றி, டிக்கெட் அதில் தெரியும்படி செய்து கொடுத்திருந்தார். நாகஜோதிக்கு அதைப் பார்க்க வேண்டும். அம்மாவின் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். கொழும்பில் விமானம் மாற வீல்சேர் கேட்க வேண்டும். அதற்கு அந்த முன்பதிவு எண் வேண்டும். பிடிஎஃப் இருக்கிறதா என்று கேட்டாள். "அதெல்லாம் வரலையே தாயி" என்றுவிட்டார் அப்பா.

அதனால்தான் அவள் நீளமாக எழுதினாள்.

"மாமா, ரொம்ப ஈஸி. ஆப்பைத் திறந்து டிக்கெட்டை ஸ்க்ரீன்ல வச்சுக்கங்க. சைடுல இருக்கிற பவர் பட்டனையும், சவுண்டைக் குறைக்கிற பட்டனையும் ஒண்ணா அமுக்கி உடனே விட்டுருங்க. ரொம்ப நேரம் பிடிச்சிங்கன்னா போனை ஆஃப் பண்ணவான்னு கேக்கும், பயந்துராதிங்க. ஸ்க்ரீன் ஒரு தடவ மினுங்கும். அம்புட்டுத்தான், படம் கேலரிக்குப் போயிரும். அப்புறம் என் சாட்டுக்கு வந்து, எழுதுற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற கிளிப்பைத் தொட்டு, கேலரியில அந்தப் படத்தை எடுத்து அனுப்புங்க. டிக்கெட் ஒரே ஸ்க்ரீன்ல அடங்கலன்னா, கீழ தள்ளிட்டு இன்னொண்ணு எடுங்க. குடும்பக் குரூப்ல மட்டும் போட்றாதிங்க மாமா, அந்த நம்பரையும் பேரையும் வச்சு யாரும் டிக்கெட்டுல கை வைக்கலாம்."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. அப்பா முதலில் அனுப்பியது போனின் முகப்புக்கு வைத்திருந்த படம். அதில் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் ஒன்றுமே வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்ததைத்தான் நாகஜோதி எனக்குத் திருப்பி அனுப்பி, "தமிழு, மாமாவுக்கு நீயாச்சும் எடுத்துக் குடேன்டி, வீல்சேருக்குச் சொல்லணும்" என்று கெஞ்சியிருந்தாள்.

அவள் எழுதிய அந்த விளக்கத்தையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தார் அப்பா.

அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுக்கத் தெரியாதவர் இதை எப்படி எடுத்தார்?

வேலை முடிந்து வந்ததும் வராததுமாக அப்பாவிடம் போனேன். கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"போனைக் குடுங்கப்பா."

"சார்ஜ் இல்லத்தா."

"இருக்கிற சார்ஜ் போதும், குடுங்க."

பிடுங்காத குறையாக வாங்கினேன். ஆப்பைத் திறந்தேன். பெயர் சரியாக இருந்தது. மதுரை, கொழும்பு, மெல்போர்ன். ஒரு படம் எடுத்தேன். கீழே தள்ளினேன்.

கீழே இன்னொரு பயணம் இருந்தது. மெல்போர்ன், கொழும்பு, மதுரை. தேதி ஜனவரியில், போகிக்கு முந்தின நாள்.

"இது என்னப்பா ரிட்டர்ன்? ஒருவழி டிக்கெட் போதும்னுதான நாகு சொன்னா?"

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அத்தையின் கை மட்டும் நின்றுவிட்டது.

"விசாவுல போயிட்டு வரலாம்ல? கேட்டுட்டுத்தான் போட்டேன்" என்றார். குரலே எழும்பவில்லை. "பொங்கலுக்கு இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

எனக்கு விளங்கிவிட்டது. பொங்கலுக்கு உடன்பிறந்தவளுக்குச் சீர் கொடுப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் ஒரே வீட்டில் இருக்கும் தங்கைக்குக் கொடுப்பவர் அப்பா ஒருவர்தான். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, சேலை எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்து, கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வெளியூரிலிருந்து வருகிறவர் மாதிரி தெருவழியாகச் சுற்றி வந்து வாசலில் நிற்பார். அத்தையும் கதவைத் திறந்து, "வாங்கண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று கேட்பாள். நானும் நாகஜோதியும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

"சீரை நான் யாருக்குக் கொண்டுபோய்க் குடுக்க? கரும்பைப் பார்சல்லயா அனுப்ப முடியும்?" என்றார் அப்பா. "நாகுகிட்டச் சொன்னா வேணாம்பா. அதான் கிளம்புறவரைக்கும் தெரிய வேணாம்னு…"

திட்ட வாயெடுத்த நான் அப்படியே நின்றேன். என் அப்பா இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அந்த ஜனவரி தேதி வேண்டும் போலிருந்தது. நாகஜோதியிடம் பேசி எப்படியாவது சம்மதிக்க வைக்கலாம் என்றுகூட மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

அத்தை அவரைக்காய்த் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அண்ணே, அதை எடுக்கச் சொல்லிரு."

"ஏன் அன்னம்? ஒரு மாசம் இருந்துட்டுப் போ. யாரு வேணாங்கப் போறா?"

"இப்பக் கிளம்புறதே பெரும்பாடா இருக்கு. ஒவ்வொரு நாளும் அடுப்படியில நின்னு, போகலைன்னு சொல்லிருவோமான்னு நினைக்கிறேன். அங்க எம்புள்ள தனியாக் கெடந்து மாரடிக்கிறா, அதனாலதான் போறேன். திரும்பி வந்து இந்த வாசல்ல காலை வச்சேன்னா…" அத்தை வாசல் பக்கம் பார்த்தாள். "இன்னொரு தடவ கிளம்ப என்னால ஆகாதுண்ணே."

டிவியில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். நான் போய் அணைத்தேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டை இழுத்துக்கொண்டாள். அப்பா என்னிடம் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

ஒரு கையாலேயே எடுத்தார். இரண்டு பட்டனையும் சேர்த்து ஒரு அழுத்து, திரை மினுங்கியது. கீழே தள்ளினார். இன்னொரு அழுத்து. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் இரண்டு படமும் மெல்போர்னுக்குப் போய்விட்டன.

நாகஜோதியிடமிருந்து உடனே பதில் வந்தது. "சூப்பர் மாமா! கத்துக்கிட்டிங்களே! பேரு சரியா இருக்கு. ஆனா ஏஜென்ட் தப்பா ரிட்டர்னும் சேத்துப் போட்டுருக்கான் பாருங்க. கேன்சல் பண்ணச் சொல்லுங்க."

அப்பா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன். "ஆமா தாயி. தப்புதான். எடுக்கச் சொல்றேன்."

எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். டிராவல்ஸுக்கு போன் போட்டுச் சொன்னாலே போதும் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. சிம்மக்கல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு நின்றார்.

"இருட்டப் போகுதுண்ணே" என்றாள் அத்தை. "சாப்பிட்டு, காலையில போயேன்."

"காலையிலன்னா நான் போக மாட்டேன் அன்னம்" என்றார் அப்பா.